1986-ன் 850 ரூபாய் இன்றைக்கு எவ்வளவு?

"ஐயா, அப்பா கிருஷ்ணகிரியில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதினார். அவருடைய 1986 ஜனவரிச் சம்பளச் சீட்டு இப்போதுதான் கையில் கிடைத்தது. மொத்தம் 850 ரூபாய். ஓசூரில் எனக்குக் கையில் 27,000 வருகிறது. 'என் மாதச் சம்பளத்தில் அரைப் பவுன் வாங்கலாம், உன்னால் முடியுமா?' என்று கேட்கிறார். அவருடைய பழைய கணக்கு நோட்டில் அரிசி கிலோ 4 ரூபாய், வீட்டு வாடகை 80 ரூபாய் என்று இருக்கிறது. விலைக் குறியீட்டைத் தேடினேன். அன்றைக்கு 608, 2025 நடுவில் 143 என்கிறார்கள். அப்படியானால் விலை குறைந்துவிட்டதா? 850 ரூபாய் இன்றைக்கு எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

தம்பி, விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் 850 ரூபாய், 2025 நடுப்பகுதி விலைவாசியில் ஏறக்குறைய 13,200 ரூபாய். உங்கள் 27,000 அதைப்போல் இரண்டு மடங்கு. அப்பா சொல்லும் அரைப் பவுன் கணக்கும் பொய் இல்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் 608-க்கும் 143-க்கும் உள்ள குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ஓசூரில் தொழிற்சங்கப் பொருளாளராகப் பல ஆண்டுகள் பஞ்சப்படிக் கணக்குப் போட்டவன் நான். இந்த ஒரு குழப்பத்தால் தொழிலாளர்கள் பணம் இழந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் பார்த்தது தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீடு. மத்திய அரசின் லேபர் பீரோ மாதந்தோறும் வெளியிடுகிறது. மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படிக்கும் பல ஆலைகளின் பஞ்சப்படிக்கும் இதுதான் அளவுகோல். பழைய சம்பளத்தை இன்றைய விலையோடு ஒப்பிட நினைப்பவர்களுக்கும் இதுவே வசதி, ஏனென்றால் 1960-லிருந்து இன்றுவரை அறுபடாமல் கோத்துக்கொண்டு வரலாம்.

இதில் 100 என்பது என்ன? ஒரு தொழிலாளர் குடும்பம் மாதம் முழுவதும் வாங்குவதை எல்லாம் ஒரு கூடையில் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, வாடகை, துணி, பஸ் கட்டணம், மருந்து, பள்ளிக்கூடச் செலவு, எல்லாம் அதில் உண்டு. ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்து, அந்த ஆண்டில் அந்தக் கூடைக்கு ஆன செலவை 100 என்று வைத்துவிடுகிறார்கள். அதுதான் அடிப்படை ஆண்டு. உண்மையில் ஆன செலவு 740 ரூபாயாக இருக்கலாம், 9,200 ரூபாயாகவும் இருக்கலாம். அதைப் பற்றிக் கவலையில்லை, பெயர் 100. பிறகு அதே கூடை, அதே அளவுகள், விலை மட்டும் மாறுகிறது. செலவு ஒன்றரை மடங்கு ஆனால் குறியீடு 150. ஆக, குறியீட்டு எண்ணில் ரூபாய் கிடையாது. தன் அடிப்படை ஆண்டைப்போல் எத்தனை மடங்கு என்பது மட்டுமே அதில் இருக்கிறது.

கூடையில் எல்லாப் பொருளுக்கும் ஒரே மரியாதை கிடையாது. நம் பக்கத்துப் புளியையே எடுத்துக்கொள்வோம். மாதம் 1,000 ரூபாய் செலவு செய்யும் ஒரு குடும்பம் புளிக்கு 20 ரூபாயும் வாடகைக்கு 200 ரூபாயும் கொடுக்கிறது என்று வையுங்கள். மழை பொய்த்துப் புளி விலை இரண்டு மடங்கு ஆகிவிட்டது. ஊரெல்லாம் அதே பேச்சு. ஆனால் குடும்பத்தின் செலவு 1,020 ஆகிறது, குறியீடு 102. வேறொரு வருஷம் புளி அப்படியே இருக்க, வீட்டுக்காரர் வாடகையை 10 சதவீதம் மட்டும் ஏற்றுகிறார். செலவு அதே 1,020, குறியீடு அதே 102. இரட்டிப்பான புளியும் பத்தே சதவீதம் ஏறிய வாடகையும் குறியீட்டில் ஒரே அளவுதான் அசைக்கின்றன. இதைத்தான் எடை என்கிறார்கள். கடைத்தெருவில் காதில் விழும் விலையேற்றமும் அரசு சொல்லும் எண்ணும் பொருந்தவில்லை என்று தோன்றுவதற்குப் பெரும்பாலும் இந்த எடைதான் காரணம்.

சரி, இப்போது உங்கள் 608-க்கு வருவோம். அந்த எண் 1960-ஐ 100 ஆக வைத்த வரிசையைச் சேர்ந்தது. 1985-ஆம் ஆண்டின் பன்னிரண்டு மாதச் சராசரி அது. 1986 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நான்காவது ஊதியக் குழுச் சம்பளத்துக்கு அந்த 608-தான் அடித்தளம். நீங்கள் பார்த்த 143 வேறொரு வரிசை. அதில் 2016-தான் 100. ஒன்று 1960-லிருந்து எத்தனை மடங்கு என்று சொல்கிறது, இன்னொன்று 2016-லிருந்து எத்தனை மடங்கு என்று சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, தரையிலிருந்து அளந்த உயரத்தையும் மொட்டை மாடியிலிருந்து அளந்த உயரத்தையும் ஒப்பிடுவது போலத்தான். விலை குறையவே இல்லை, அளக்க ஆரம்பித்த இடம் மாறியிருக்கிறது.

ஏன் மாற்றுகிறார்கள் என்றால், கூடை பழசாகிப் போகிறது. 1982 கூடையில் உணவுக்கு மட்டும் 57 சதவீத எடை இருந்தது. 2001 கூடையில் அது 46.2 ஆனது, 2016 கூடையில் 39.17. அதே காலத்தில் மருத்துவம், படிப்பு, போக்குவரத்து, போன் எல்லாம் அடங்கிய 'இதர செலவுகள்' 16.36-லிருந்து 30.31-க்கு ஏறிவிட்டது. உங்கள் அப்பாவின் நோட்டையும் உங்கள் போனில் இருக்கும் யுபிஐ கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இதே கதை தெரியும். அதனால்தான் 1960, 1982, 2001, 2016 என்று நான்கு முறை 100 போட்டுத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு முறை வரிசை மாறும்போதும் பழையதையும் புதியதையும் ஒரே காலத்துக்குக் கணக்கிட்டு, பழைய எண்ணைப் புதிய எண்ணால் வகுத்து ஒரு பாலம் போட்டுக் கொடுக்கிறார்கள். இணைப்புக் காரணி என்று பெயர். இந்திய அளவில் 1960 வரிசைக்கும் 1982 வரிசைக்கும் இடையே 4.93. அங்கிருந்து 2001 வரிசைக்கு 4.63. அங்கிருந்து 2016 வரிசைக்கு 2.88. புதிய எண்ணைப் பழைய வரிசைக்குக் கொண்டுபோக இந்தக் காரணியால் பெருக்க வேண்டும், பழைய எண்ணைப் புதிய வரிசைக்குக் கொண்டுவர வகுக்க வேண்டும். மறந்துபோனால் ஒரு சோதனை இருக்கிறது: பழைய வரிசையில் எண் எப்போதும் பெரிதாக இருக்கும், ஏனென்றால் அது நெடுநாளாக ஏறிக்கொண்டு வந்திருக்கிறது.

இந்தப் பாலத்தைத் தாண்டாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நான் நேரில் கண்ட ஒன்று. நான் வேலை பார்த்த ஆலையில் பஞ்சப்படி ஒப்பந்தம் புள்ளிக் கணக்கில் இருந்தது. 1982 வரிசையில் ஒரு புள்ளி ஏறினால் மாதம் 2 ரூபாய். 2006 ஜனவரியிலிருந்து 2001 வரிசை வந்தது. அதுவரை 500-க்கு மேல் ஓடிக்கொண்டிருந்த எண் திடீரென்று 119 ஆனது. அடுத்த ஜனவரியில் 127. நிர்வாகத்தின் கணக்குப் பிரிவில் 127-லிருந்து 119-ஐக் கழித்தார்கள். 8 புள்ளி, 16 ரூபாய் என்று சம்பளச் சீட்டில் போட்டுவிட்டார்கள். ஒப்பந்தம் பேசுவது 1982 வரிசைப் புள்ளியைப் பற்றி அல்லவா? 8-ஐ 4.63-ஆல் பெருக்கினால் 37 புள்ளி. வர வேண்டியது 74 ரூபாய். ஆளுக்கு மாதம் 58 ரூபாய் குறைந்தது, அதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்குச் சில மாதம் பிடித்தது. யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை, ஆனால் 119-ஐப் பார்த்த அன்றே கேட்டிருக்க வேண்டும். குறியீடு திடீரென்று நான்கில் ஒரு பங்காக விழுந்தால் நாட்டில் விலை விழுந்திருக்காது, அடிப்படை ஆண்டு மாறியிருக்கும். அதுதான் அடையாளம்.

உங்கள் கணக்கைப் போடுவோம். 1986 ஜனவரிச் சீட்டுக்குப் பன்னிரண்டு மாதச் சராசரியான 608-ஐ எடுக்கிறோம் என்பதால், இந்தப் பக்கமும் பன்னிரண்டு மாதச் சராசரியே எடுக்க வேண்டும். ஒரு மாத எண்ணை எடுத்தால் தக்காளி விலை ஏறிய மாதமா இறங்கிய மாதமா என்பது கணக்கில் புகுந்துவிடும். 2024 ஜூலையிலிருந்து 2025 ஜூன்வரை 2016 வரிசையின் சராசரி 143.6. மத்திய அரசு ஊழியர்களுக்கு 2025 ஜூலையில் அகவிலைப்படி 58 சதவீதம் ஆனது இந்தச் சராசரியை வைத்துத்தான்.

143.6-ஐ 2.88-ஆல் பெருக்கினால் 2001 வரிசையில் 413.6. அதை 4.63-ஆல் பெருக்கினால் 1982 வரிசையில் சுமார் 1,915. அதை 4.93-ஆல் பெருக்கினால் 1960 வரிசையில் 9,440. இப்போது இரண்டு எண்ணும் ஒரே தரையிலிருந்து அளந்தவை: அன்றைக்கு 608, 2025 நடுவில் 9,440. வகுத்தால் 15.53. கூடையின் விலை பதினைந்தரை மடங்கு ஆகியிருக்கிறது. 850-ஐ 15.53-ஆல் பெருக்கினால் 13,200. எக்செல் வைத்திருந்தால் ஒரே வரியில் போட்டுப் பார்க்கலாம்:

```
=850*143.6*2.88*4.63*4.93/608
```

திருப்பியும் பார்க்கலாம். உங்கள் 27,000-ஐ 15.53-ஆல் வகுத்தால் 1,740 ரூபாய் வரும். அதாவது 1986-ல் அதே கிருஷ்ணகிரியில் மாதம் 1,740 ரூபாய் வாங்கியவருக்கு இருந்த வாங்கும் சக்தி இன்றைக்கு உங்களுக்கு இருக்கிறது. இந்தத் திசையில் சொன்னால் அப்பாவுக்குச் சட்டென்று புரியும். அந்த ஆலையில் 1,740 வாங்கியவர் யார் என்று அவருக்கு இன்னும் நினைவிருக்கும்.

இங்கே பலர் செய்யும் தவறு, கழிப்பது. 9,440-லிருந்து 608 போக 8,832 புள்ளி, ஆகவே 8,832 சதவீதம் ஏற்றம் என்பார்கள். புள்ளி வேறு, சதவீதம் வேறு. 100-லிருந்து 110-க்குப் போனால் 10 புள்ளி, 10 சதவீதம். 608-லிருந்து 618-க்குப் போனாலும் 10 புள்ளிதான், ஆனால் சதவீதம் 1.6. தொடக்கம் சரியாக 100 ஆக இருக்கும்போது மட்டும் இரண்டும் ஒன்றாகத் தெரியும், அதனால்தான் கண் ஏமாறுகிறது. எப்போதும் வகுத்துப் பாருங்கள்.

பதினைந்தரை மடங்கு என்பது ஒரே சீராக வந்ததும் இல்லை. 1985-லிருந்து 1995-க்குள் 2.48 மடங்கு. அடுத்த பத்தாண்டில் 1.75. அதற்கடுத்த பத்தாண்டு, 2005-லிருந்து 2015 வரை, 2.26. அதன்பின் 2025 நடுப்பகுதிவரை 1.58. அப்பாவின் 850 அதே வாங்கும் சக்தியோடு நிற்க 1995-ல் 2,110 ஆகவும், 2005-ல் 3,690 ஆகவும், 2015-ல் 8,340 ஆகவும் ஏறியிருக்க வேண்டும். சராசரியாக வருஷத்துக்கு 7 சதவீதத்துக்குச் சற்று மேல். அவ்வளவு ஏறினால்தான் இருந்த இடத்தில் இருந்ததாக அர்த்தம். அப்பாவிடம் 1995, 2005 ஆண்டுகளின் சீட்டும் இருந்தால் இந்த எண்களோடு வைத்துப் பாருங்கள். எந்தப் பத்தாண்டில் முன்னேறினார், எதில் சறுக்கினார் என்பது தெரிந்துவிடும். ஒரே ஒரு சீட்டை வைத்துப் பேசுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இப்போது அரைப் பவுன். 1986-ல் பத்து கிராம் சுத்தத் தங்கம் சுமார் 2,140 ரூபாய். கிராமுக்கு 214. அப்பாவின் 850 ரூபாயில் ஏறக்குறைய நான்கு கிராம், அதாவது அரைப் பவுன், வரும். 2025 ஜூனில் ஆபரணத் தங்கம் கிராம் 9,000 ரூபாயை ஒட்டி நின்றது. அரைப் பவுன் 36,000. உங்கள் மாதச் சம்பளத்தில் அது வராது. 2025 நடுவில் தங்கத்தால் அளந்தால் அப்பாவின் 850 என்பது 36,000, கூடையால் அளந்தால் 13,200. கூடை பதினைந்தரை மடங்கு ஏறிய காலத்தில் தங்கம் நாற்பது மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது.

ஆனால் அப்பா எந்த மாதமாவது முழுச் சம்பளத்தையும் கொடுத்து அரைப் பவுன் வாங்கினாரா? அரிசி, வாடகை, பள்ளிக்கூடம் என்று போனபின் மிச்சம் என்ன என்பதை அந்த நோட்டு சொல்லும். சம்பளம் எதை வாங்கப் போகிறதோ அதன் விலையோடுதான் அதை ஒப்பிட வேண்டும், அதற்காகத்தான் கூடை. தங்கத்தைத் தனி அளவுகோலாக வைத்தால் நாம் ஒப்பிடுவது சம்பளத்தை அல்ல, தங்கத்தின் போக்கை. எதிர்ப்பக்கமும் உண்டு. அன்றைக்கு ஒரு கறுப்பு வெள்ளை டிவி வாங்க உங்கள் அப்பா பல மாதச் சம்பளத்தைச் சேர்த்திருக்க வேண்டும். இன்றைக்குக் கலர் டிவி உங்கள் ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கும். அதை அளவுகோலாக எடுத்து 'அப்பா, நீங்கள் ஏழை' என்று சொன்னால் அதுவும் அநியாயம்தான். மகள் கல்யாணத்துக்கு நகை சேர்க்கும் குடும்பத்துக்குத் தங்கத்தின் ஏற்றம் நிஜமான பாரம் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தப் பாரத்தை அதன் பெயரிலேயே சொல்ல வேண்டும், அதைச் சம்பளத்தின் மதிப்பு என்று சொல்லக்கூடாது.

அந்த நோட்டில் எனக்கு மிகவும் பிடித்தது நீங்கள் சொன்ன இரண்டு வரிதான். அரிசி கிலோ 4 ரூபாய் என்பது இன்றைக்கு 60 என்று வைத்தால் 15 மடங்கு. குறியீட்டின் பதினைந்தரைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. வாடகை 80 ரூபாய். கிருஷ்ணகிரியில் ஒரு சின்னக் குடும்பத்துக்கான வீடு இப்போது 5,000 என்று வைத்தால் 62 மடங்கு! குறியீடு பொய் சொல்கிறதா என்று உங்களுக்குத் தோன்றும்.

இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். குறியீட்டில் வாடகை இருக்கிறது. 2016 வரிசையில் வீட்டுவசதியின் எடை 16.87 சதவீதம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தேர்ந்தெடுத்த அதே வீடுகளுக்குத் திரும்பப் போய் வாடகை கேட்கிறார்கள். அதே வீடு என்பதுதான் முக்கியம். அப்பா 80 ரூபாய் கொடுத்த வீடு எப்படி இருந்தது என்று கேளுங்கள். அநேகமாக ஓட்டு வீடு, ஓர் அறை, ஒரு சமையல் மூலை, நான்கு குடித்தனத்துக்குச் சேர்த்து ஒரு கழிப்பறை, தண்ணீருக்குத் தெருக்குழாய். 5,000 ரூபாய் வீட்டில் உள்ளேயே குளியலறை, மாடியில் தொட்டி, இரண்டு அறை. 80-லிருந்து 5,000-க்குப் போனதில் ஒரு பங்கு விலையேற்றம், ஒரு பங்கு வீடே மாறியது. குறியீடு முதல் பங்கை மட்டும் அளக்க முயல்கிறது. அந்தப் பிரிப்பு எப்போதும் துல்லியமாக அமைவதில்லை, அதுவும் ஓசூர் போல வேகமாக வளர்ந்த ஊரில். இந்திய அளவிலான சராசரிக்குள் ஓசூர் வாடகை கரைந்துவிடும்.

ஆகவே ஒரு வேலை செய்யலாம். வாடகையை மட்டும் பிரித்துவிட்டு, நீங்கள் பார்க்கும் நிஜ வாடகையைப் போடுங்கள். 850-ல் வாடகை போக 770. அதை 15.53-ஆல் பெருக்கினால் சுமார் 12,000. அதோடு இன்றைய 5,000 வாடகையைச் சேர்த்தால் 17,000. இது கொஞ்சம் முரட்டுக் கணக்கு, ஏனென்றால் 15.53-க்குள்ளேயும் வாடகை ஏற்றம் கலந்திருக்கிறது. இருந்தாலும் இரண்டு கரை கிடைத்துவிட்டது. அப்பாவின் அதே வீட்டை இன்றைக்கும் வாடகைக்கு எடுக்க முடியுமானால் 13,200 பக்கம், இன்றைய வீட்டில்தான் குடியிருக்க முடியும் என்றால் 17,000 பக்கம். நாற்பது ஆண்டுத் தூரத்தில் எந்தக் குறியீடும் இதைவிடக் கூர்மையாகச் சொல்லாது. 13,197 ரூபாய் என்று கடைசி ரூபாய்வரை எழுதுபவரைக் கண்டால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

'கிருஷ்ணகிரிக்கு என்று தனிக் குறியீடு எடுத்தால் சரியாக இருக்குமே' என்று அடுத்துக் கேட்பீர்கள். லேபர் பீரோ தேர்ந்தெடுத்த சில ஊர்களை மையங்களாக வைத்து விலை சேகரிக்கிறது. அவற்றில் தமிழ்நாட்டில் நமக்குப் பக்கத்து ஊர் சேலம். 1965 அக்டோபர் வரை தர்மபுரிப் பகுதி முழுக்கச் சேலம் மாவட்டம்தான், கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004 பிப்ரவரியில்தான். அதனால் அப்பாவின் சீட்டில் முகவரி 'தர்மபுரி மாவட்டம்' என்று இருந்தால் குழம்ப வேண்டாம். சேலம் எண்ணை வைத்துக் கணக்குப் போட நினைக்கலாம். ஆனால் ஒவ்வொரு மையத்துக்கும் தனித்தனி இணைப்புக் காரணி உண்டு. இந்திய அளவிலான 2.88-ஐச் சேலத்து எண்ணில் போட்டுப் பெருக்கினால் விடை தவறிவிடும்.

இன்னொன்று, சேலத்தில் குறியீடு ஓர் எண், சென்னையில் அதைவிடச் சிறிய எண் என்று வந்தால் சேலத்தில் விலை அதிகம் என்று அர்த்தம் இல்லை. சேலத்தின் 100 சேலத்துக்கு, சென்னையின் 100 சென்னைக்கு. 2016-க்குப் பிறகு எந்த ஊரில் வேகமாக ஏறியது என்பது மட்டுமே தெரியும். கிருஷ்ணகிரியில் வாழ எவ்வளவு, ஓசூரில் வாழ எவ்வளவு என்ற கேள்விக்கு விலைக் குறியீட்டில் விடையே கிடையாது. அதற்கு இரண்டு ஊர்க் கடைகளிலும் ஏறி இறங்கி விலை எழுதிக்கொண்டு வர வேண்டும்.

சரி, இதைத் தாண்டியும் உங்களுக்குக் கை இறுக்கமாக இருப்பதாகத் தோன்றினால், அது எங்கிருந்து வருகிறது என்று உங்கள் கணக்கிலேயே தேடிப் பாருங்கள். அப்பாவின் நோட்டில் இல்லாத தலைப்புகள் உங்களிடம் எத்தனை? வண்டிக்கு மாதத் தவணை, பெட்ரோல், போன் ரீசார்ஜ், பிள்ளையின் ஆங்கிலப் பள்ளிக் கட்டணம், மருத்துவக் காப்பீடு. 1986 கூடையை மட்டும் இன்றைக்கு வாங்கினால் 13,200 போதும். ஆனால் இன்றைக்கு அந்தக் கூடையோடு யாரும் வாழ்வதில்லை. வாழ்க்கையின் அளவு பெரிதானதை விலைக் குறியீடு சேர்ப்பதில்லை, சேர்க்கவும் கூடாது. 27,000-க்கும் 13,200-க்கும் இடையே உள்ள 13,800 ரூபாய் எங்கே போகிறது என்று ஒரு மாதம் எழுதிப் பார்த்தால், பெரும்பகுதி இந்தப் புதிய தலைப்புகளில் இருக்கும். வாடகையில் ஒரு பங்கு இருக்கும்.

கடைசியாக, அந்தச் சீட்டை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். நீங்கள் 'மொத்தம் 850' என்று எழுதியிருக்கிறீர்கள், உங்களுடையதைக் 'கையில் 27,000' என்கிறீர்கள். அந்தக் காலச் சீட்டுகளில் அடிப்படைச் சம்பளம் ஒரு வரி, பஞ்சப்படி ஒரு வரி, பிறகு பிராவிடண்ட் ஃபண்ட், முன்பணப் பிடித்தம் என்று போகும். 850 என்பது பிடித்தத்துக்கு முன்பா பின்பா என்று பாருங்கள். முன்பு என்றால், அப்பா கையில் வாங்கியது அதைவிடக் குறைவு, அந்தத் தொகையைத்தான் உங்கள் 27,000-க்கு எதிரே வைக்க வேண்டும். அல்லது உங்களுடைய பிடித்தத்துக்கு முந்தைய தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 850 வெறும் அடிப்படைச் சம்பளமாக இருந்து, பஞ்சப்படி கீழே தனியாக இருக்கிறது என்றால் அப்பா நாம் நினைத்ததைவிடக் கூடுதலாக வாங்கியிருக்கிறார். மேலே கொடுத்த எக்செல் வரியில் 850-ஐ அழித்துவிட்டுச் சரியான எண்ணைப் போடுங்கள், மற்ற எண்கள் எதையும் தொட வேண்டாம்.